ரிவியூ எழுதும்போது எந்தத் தமிழ்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ9 வீதியோரத்தில் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி எடுக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் வருகிறவர்கள், போகிற நேரத்தில் போனை நீட்டி, "இதை ஒருக்கால் பாருங்கோ, எழுதினது சரியோ?" என்று கேட்பார்கள். பார்த்தால் சாப்பாட்டுக்கடைக்கோ விடுதிக்கோ கூகுள் மேப்பில் போடுவதற்கு எழுதிய ரிவியூவாக இருக்கும். எழுத்துப் பிழையைவிட, எந்தத் தமிழில் எழுதுவது என்பதுதான் அவர்களுடைய தடுமாற்றம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுத்துத் தமிழோ, பேச்சுத் தமிழோ? ஒரே பதிலாச் சொல்லுங்கோ.

வினைமுற்றை எழுத்துத் தமிழில் வையுங்கள். பொருட்களின் பெயரை ஊர் வழக்கிலேயே விடுங்கள். யாராவது சொன்னதை அப்படியே எடுத்துக் காட்டும்போது மட்டும் முழுப் பேச்சுத் தமிழ் வரட்டும்.

ஏன் வினைமுற்று? ஊருக்கு ஊர் தமிழ் பிரிகிற இடம் பெரும்பாலும் அதுதான். நாங்கள் "சொன்னவை" என்போம். தமிழ்நாட்டிலும் மலையகத்திலும் "சொன்னாங்க" என்பார்கள். "சொன்னார்கள்" என்று யாரும் வீட்டில் கதைப்பதில்லை, ஆனால் தமிழில் வாசிக்கத் தெரிந்த எல்லோருக்கும் அது விளங்கும். யாருடைய வீட்டுக்கும் சொந்தமில்லாததால்தான் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

நான் எழுதுறது வன்னிக் கடைக்கு. வாசிக்கிறதும் வன்னி ஆக்கள்தானே?

வன்னிக்குள்ளேயே பேச்சு ஒன்றாக இல்லை. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டில் இன்றைக்கும் "கொசு" என்பார்கள், நாங்கள் "நுளம்பு" என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்கள், பழைய வன்னிக் கிராமங்களின் ஆட்கள், முஸ்லிம் குடும்பங்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வித்தியாசம் கேட்கும்.

அப்புறம், ரிவியூவை அதிகம் வாசிப்பது யார் என்று யோசியுங்கள். பக்கத்துத் தெருக்காரருக்கு உங்கள் ரிவியூ தேவையில்லை. அவருக்கு அந்தக் கடையின் சாம்பாரும் தெரியும், முதலாளியும் தெரியும். தேடிப் பார்க்கிறவர் வெளியாள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வழியில் பசியெடுத்தவர், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், நயினாதீவுக்குப் போகிற சிங்களக் குடும்பம். பெரும்பாலும் எல்லோரும் ஏ9 வழியாகத்தான் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறீர்கள்.

தமிழ்நாட்டுக்காரர் "சாப்பாடு செமயா இருந்துச்சு" எண்டு எழுதினா எங்களுக்கு விளங்குது. நாங்கள் மட்டும் ஏன் மாத்தவேணும்?

நியாயமான கோபம். அவர்களுடைய பேச்சு எங்களுக்கு விளங்குவதற்குக் காரணம் சினிமாவும் தொலைக்காட்சியும்தான். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். எங்கள் பேச்சு அந்த அளவுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அதனால் பாதை ஒருபக்கம்தான் திறந்திருக்கிறது. ரிவியூ ஒன்றால் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஆனால் அதற்காக அவர்களுடைய பேச்சுத் தமிழில் எழுதப் போகாதீர்கள். இளம் பிள்ளைகள் சிலர் அப்படி எழுதிக் கொண்டு வருகிறார்கள்: "ரூம் சூப்பரா இருந்துச்சு, ஆனா நுளம்பு ஜாஸ்தி." அது கடன் வாங்கின சட்டை மாதிரி இருக்கிறது, தோள் ஒரு பக்கம் தொங்குகிறது. வாசிக்கிறவருக்கு இது ஊர்க்காரர் எழுதியதா, வழிப்போக்கர் எழுதியதா என்ற சந்தேகம் வரும். ரிவியூவில் அந்தச் சந்தேகம் வந்தால் பிறகு எழுதியது எதுவும் எடுபடாது.

பேச்சுத் தமிழில எழுதினா ஆகக் கூடினது என்ன நடக்கும்? ரெண்டு சொல்லு விளங்காது, அவ்வளவுதானே?

விளங்காத சொல் ஆபத்தில்லை. விளங்காவிட்டால் வாசிக்கிறவர் தாண்டிப் போவார், இல்லாவிட்டால் தேடிப் பார்ப்பார். வேறு மாதிரி விளங்குகிற சொல்தான் ஆபத்து. அதில் அவருக்குச் சந்தேகமே வராது.

எல்லாவற்றிலும் மோசமானது "அந்தமாதிரி". எங்களுக்கு "இடம் அந்தமாதிரி" என்றால் மிக நல்ல இடம். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் ஒரு விடுதியைப் பற்றி "அந்த மாதிரி இடம்" என்று வாசித்தால், பிள்ளைகுட்டியோடு அந்தப் பக்கமே போகமாட்டார். ஐந்து நட்சத்திரம் கொடுத்து, பாராட்டி எழுதி, கடைக்காரரின் பெயரைக் கெடுத்துவிடலாம்.

அடுத்தது "பேசினார்". எங்களிடம் "முதலாளி பேசினவர்" என்றால் ஏசினார் என்று அர்த்தம். நல்லபடியாகப் பேசினால் நாங்கள் "கதைத்தார்" என்போம். தமிழ்நாட்டில் "முதலாளி பேசினார்" என்றால் வெறுமனே பேசினார், அவ்வளவுதான். ஆக நீங்கள் எழுதிய முறைப்பாடு அங்கே போகும்போது உபசரிப்பாக மாறிவிடும். இதற்கு நான் சொல்கிற வழி: திட்டு வாங்கியிருந்தால் "திட்டினார்" அல்லது "கோபமாகப் பேசினார்" என்று எழுதுங்கள். நன்றாக நடந்துகொண்டிருந்தால் "அன்பாகப் பேசினார்" என்று எழுதுங்கள். முன்னுக்கு ஒரு சொல் சேர்த்தால் இரண்டு கரையிலும் ஒரே அர்த்தம்தான்.

"கிழமை" இன்னொன்று. எங்களுக்கு அது ஏழு நாள். தமிழ்நாட்டில் கிழமை என்றால் ஞாயிறு, திங்கள் என்கிற நாளின் பெயர். "பம்பைத் திருத்தக் கொடுத்து 2 கிழமை" என்று எழுதினால் அங்கே உள்ளவருக்குக் கணக்கு வராது. "2 வாரம்" என்றால் முடிந்தது. "ஆறுதலாக" என்பதும் அப்படித்தான். "ஆறுதலாகச் சாப்பாடு தந்தார்கள்" என்று நாங்கள் எழுதுவது அவசரமில்லாமல், சில நேரம் பிந்தித் தந்தார்கள் என்ற பொருளில். அங்கே ஆறுதல் என்றால் துக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வது. செத்தவீட்டுச் சாப்பாடோ என்று நினைப்பார்கள்.

சாப்பாட்டுக்கடைக்கு எழுதுகிறவர்கள் "கறி" என்ற சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். எங்களுக்குப் பூசணிக்காயும் கறி, பருப்பும் கறி. தமிழ்நாட்டில் பல இடங்களில் கறி என்றால் இறைச்சி. சோற்றோடு "3 கறி" என்று எழுதியதை நம்பி ஒருவர் ஆட்டிறைச்சி எதிர்பார்த்து வருவார், அல்லது சைவக்காரர் ஒருவர் வராமலே போய்விடுவார். "3 மரக்கறிக் கறி" என்று எழுதினால் எங்களுக்குத் தெளிவு. "காய்கறிக் கறி 3" என்றால் எல்லோருக்கும் தெளிவு.

வினையை மாத்தச் சொல்லுறீங்கள். "தந்தவை", "வந்தவர்" எண்டு எழுதினா என்ன பிழை?

இவை எழுத்துத் தமிழிலும் இருக்கிற வடிவங்கள்தான், அர்த்தம்தான் வேறு. அதனால்தான் பிரச்சினை.

எழுத்து இலக்கணத்தில் "வந்தவர்" என்பது வினைமுற்று இல்லை, "வந்த ஆள்" என்கிற பெயர். "முதலாளி வந்தவர்" என்று எழுதினால் வாக்கியம் முடியவில்லை, மிச்சம் எங்கே என்று வாசிக்கிறவர் பார்ப்பார். "தந்தவை" இன்னும் சிக்கல். எங்கள் பேச்சில் "அவை" என்றால் ஆட்கள். எழுத்தில் "அவை" அஃறிணை, மேசை கதிரைக்குச் சொல்வது. "தேத்தண்ணி தந்தவை" என்பதைப் புத்தகத் தமிழாக வாசித்தால், தேநீர் எதையோ தந்த மாதிரி இருக்கும். "தேநீர் தந்தார்கள்" என்றால் யார் தந்தது, வேலை முடிந்ததா என்பதெல்லாம் அந்த ஒரு விகுதியிலேயே இருக்கிறது.

"உங்க" என்ற சொல்லையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல், உங்கள் பக்கத்தில் இருக்கிற இடத்தைக் காட்ட எங்களுக்கு "உங்க", "உது", "உந்த" என்று ஒரு வரிசையே இருக்கிறது. பழந்தமிழிலிருந்து வந்த இந்தச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் இப்போது இல்லை. அங்கே "உங்க" என்றால் "உங்களுடைய". "உங்க சாப்பாடு நல்லம்" என்பதை அவர்கள் கடைக்காரருக்குச் சொல்கிற பாராட்டாக எடுப்பார்கள். எனக்கு மிகப் பிடித்த சொல் இது, ஆனாலும் ரிவியூவில் வெட்டிவிடச் சொல்வேன்.

எழுத்துத் தமிழ் எண்டு தொடங்கினா பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வருது. என்ன செய்ய?

எழுத்துத் தமிழும் அலங்காரத் தமிழும் ஒன்றில்லை. "போனோம், சாப்பிட்டோம், காசு கொடுத்தோம்" முழுக்க எழுத்துத் தமிழ்தான். அதில் கட்டுரை வாசமே இல்லை. வாசம் வருவது "மேற்படி உணவகம்", "சுவைத்து மகிழ்ந்தோம்", "வாய்ப்புக் கிட்டியது" என்று எழுதும்போது. அப்படி எழுதிய ரிவியூவைப் பார்த்தால் எனக்கு முதலில் வருகிற நினைப்பு, இதை முதலாளியின் மகன் எழுதியிருப்பான் என்பது.

இன்னொரு பழக்கம் "-பட்டது". "தேநீர் வழங்கப்பட்டது", "தாமதம் ஏற்பட்டது". கச்சேரிக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை இது. இதில் ஆளும் மறைகிறார், அளவும் மறைகிறது. தாமதம் 10 நிமிடமா, ஒரு மணித்தியாலமா? வாசிக்கிறவருக்கு வேண்டியது அதுதான். "தேநீர் வர 1 மணி நேரம் ஆனது" என்று எழுதுங்கள். சத்தமாக வாசித்துப் பார்த்தால் தெரியும்: மூச்சு நடுவில் நின்றால் வாக்கியம் நீளம், சிரிப்பு வந்தால் அலங்காரம் கூடிவிட்டது.

தூய தமிழ்ச் சொல் போட்டால் எல்லோருக்கும் விளங்கும் என்றும் நினைக்க வேண்டாம். பேக்கரிக்கு எங்கள் பெயர்ப்பலகைகளில் "வெதுப்பகம்" என்று வந்து பழகிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குத் தூய சொல் "அடுமனை". இருவருக்கும் விளங்குவது "பேக்கரி". அதேபோல எங்கள் "முறைப்பாடு" அங்கே "புகார்", எங்கள் "பற்றுச்சீட்டு" அங்கே "ரசீது". "பில்" என்றால் எல்லோருக்கும் சரி.

அப்ப எங்கட சொல்லு ஒண்டும் எழுதக்கூடாதோ? கச்சானை வேர்க்கடலை எண்டு எழுதச் சொல்லுறீங்களோ?

கச்சானைக் கச்சான் என்றே எழுதுங்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்குகிறவர் வாங்கப் போவது கச்சான்தான். கடைக்காரரும் அப்படித்தான் கூவுவார். "வேர்க்கடலை" என்று கேட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எடுத்துத் தருவார். கடையில் கேட்க வேண்டிய சொல்லை வாசகருக்குக் கற்றுக் கொடுப்பதும் ரிவியூவின் வேலைதான். முதல் தடவை வரும்போது பக்கத்தில் ஒரு விளக்கம் போட்டால் போதும்: "கச்சான், அதாவது வேர்க்கடலை". பிறகு கச்சான் என்றே போகலாம்.

சொதி, சம்பல், பிட்டு இதற்கெல்லாம் மாற்றுச் சொல் தேடாதீர்கள். சொதியைத் "தேங்காய்ப்பால் குழம்பு" என்று பெயர்மாற்றம் செய்தால் அது வேறு ஒரு சாமானாகிவிடும். "தேங்காய்ப்பாலில் செய்த சொதி" என்று ஒரு தடவை சொன்னால் சரி.

ஆனால் வாசகர் எதையும் கேட்டு வாங்கப் போவதில்லை, தகவல் மட்டும்தான் தேவை என்றால், இரு பக்கமும் விளங்குகிற சொல்லை எடுங்கள், அல்லது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். துவாய் என்றால் துண்டு, சவர்க்காரம் என்றால் சோப்பு, கதிரை என்றால் நாற்காலி. "அறையில் துவாய், சோப்பு இரண்டும் இல்லை" என்று எழுதினால் தமிழ்நாட்டவர் துவாய் எது என்று யோசிப்பார். "துவாய் (குளிக்கும் துண்டு)" என்று போட்டால் வேலை முடிந்தது.

வயல் சாமான்களுக்கு எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். "பசளை" என்பது அங்கே "உரம்". பசளை என்று வாசித்தால் கீரை ஞாபகம் வரும். லான்ட்மாஸ்டர் என்று நாங்கள் சொல்வது இரண்டு சில்லு உழவு இயந்திரம். அதை அப்படியே விளக்கி எழுதினால்தான் வெளியாளுக்குப் புரியும்.

ரொயிலற், லைற், பற்றரி எண்டு எழுதுறதோ, டாய்லெட், லைட், பேட்டரி எண்டோ?

எங்கள் முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. "ற்ற" என்பதை நாங்கள் நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் முட்டி உச்சரிக்கிறோம், அது ஆங்கில ஒலிக்குக் கிட்ட வருகிறது. "ட" அந்த அளவுக்குக் கிட்ட வராது. அதனால்தான் "பற்றரி". தமிழ்நாட்டு வாசகர் "ற்" என்பதை அப்படி ஒலிப்பதில்லை. "ரொயிலற்" என்று கண்டால் அவருக்கு வாயிலும் வராது, கண்ணிலும் பிடிபடாது.

நான் சொல்வது: தமிழ்ச் சொல் எளிதாகக் கிடைத்தால் அதைப் போடுங்கள். கழிப்பறை என்றால் எல்லோருக்கும் தெரியும். "மலசலகூடம்" எங்களுக்குப் பழக்கம், அங்கே குறைவு. தமிழ்ச் சொல் இல்லாவிட்டால் "லைட்" மாதிரி "ட" போட்டு எழுதலாம். ரிவியூக்களுக்குள் ஒரு சொல்லைத் தட்டித் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தட்டுகிற எழுத்தும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருந்தால்தான் உங்கள் பதிவு மேலே வரும். "ரூபா", "கோப்பி", "ஓட்டோ" போன்றவற்றை மாற்றத் தேவையில்லை. ரூபாய், காபி, ஆட்டோ என்று அவர்களே மனதில் மாற்றிக் கொள்வார்கள். அதில் கௌரவப் பிரச்சினையும் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

சிங்கள ஆக்கள் மொழிபெயர்ப்பில வாசிப்பினம். அதுக்கு ஏதும் செய்யவேணுமோ?

கட்டாயம். மொழிபெயர்ப்புக் கருவி படித்துப் பழகியது பெரும்பாலும் பத்திரிகை, புத்தகத் தமிழை. "நிண்டனாங்கள்", "குடுத்தவை" போன்ற சொற்களில் யார் செய்தார் என்பதை அது தவறவிடும். சில நேரம் சொல்லை ஆளின் பெயர் என்று நினைத்து அப்படியே விட்டுவிடும். எழுத்து வினைமுற்றுக்கு இது இன்னொரு காரணம்.

பார்க்கிற வழி சுலபம். எழுதியதைக் கொப்பி பண்ணி மொழிபெயர்ப்பில் போட்டு, சிங்களத்துக்கு மாற்றுங்கள். வந்ததை மறுபடி தமிழுக்கு மாற்றுங்கள். திரும்பி வந்த தமிழில் முதலாளி செய்ததை நீங்கள் செய்ததாக வந்திருந்தால், அந்த வாக்கியத்தில் "நாங்கள்", "அவர்" என்று ஆளைச் சேருங்கள். மூன்று சம்பவத்தை "போய், கேட்டு, காத்திருந்து" என்று ஒரே வாக்கியத்தில் கோர்த்திருந்தால் பிரித்துவிடுங்கள். இரண்டு தடவை செய்து பார்த்தால் கை தானாகப் பழகும்.

நான் எழுதினதைத் திருத்தித் தாங்கோ. "போன கிழமை குடும்பமாப் போய் நிண்டனாங்கள். இடம் அந்தமாதிரி. றூம் வடிவாக் கூட்டி வச்சிருந்தவை. நுளம்பு வலை ஒரு பக்கம் கிழிஞ்சு கிடந்தது. பின்னேரம் தேத்தண்ணி கேட்டு ஒரு மணித்தியாலம். ஏன் எண்டு கேட்டதுக்கு முதலாளி பேசினவர். இரவுச் சாப்பாடு திறம், உறைப்புக் கூட, பிள்ளையளுக்கு ஏலாது."

முதலில், இது நல்ல ரிவியூ. பார்த்தது எல்லாம் இருக்கிறது, ஒன்றும் மறைக்கவில்லை. இதே ஆள் முன்பு ஒரு தடவை "விடுதியின் சூழல் மனதைக் கவர்ந்தது, சேவையில் சிறு குறைபாடுகள் காணப்பட்டன" என்று எழுதிக் கொண்டு வந்தார். அதை வாசித்து யாரும் எதையும் முடிவெடுக்க முடியாது. பேச்சில் எழுதியதால்தான் கிழிந்த வலையும் ஒரு மணித்தியாலமும் வெளியே வந்தன. ஆகவே முதல் வரைவை எப்போதும் இப்படியே எழுதுங்கள், பிறகு மாற்றலாம். நான் மாற்றியது இது:

"கடந்த வாரம் நாங்கள் 5 பேர் இந்த விடுதியில் ஒரு இரவு தங்கினோம். இடம் மிக நன்றாக இருக்கிறது. அறையைச் சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தார்கள். நுளம்பு வலை (கொசுவலை) மட்டும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மாலையில் தேநீர் கேட்டோம், வர 1 மணி நேரம் ஆனது. ஏன் தாமதம் என்று கேட்டபோது முதலாளி, 'அவசரமெண்டா வேற இடம் பாருங்கோ' என்று கோபமாகச் சொன்னார். இரவுக்குப் பிட்டும் மீன் குழம்பும், திறம்! ஆனால் உறைப்பு, அதாவது காரம், அதிகம். எங்கள் பிள்ளைகளால் சாப்பிட முடியவில்லை."

மாற்றங்களைப் பாருங்கள். "அந்தமாதிரி" போய்விட்டது, ஏன் என்று மேலே சொன்னேன். "வடிவாக" என்பதையும் எடுத்தேன். எங்களுக்கு அது ஒழுங்காக என்ற அர்த்தம், அங்கே அழகு. கூட்டியது அழகாக இருந்ததென்று எழுதினால் ஒரு மாதிரி இருக்கும். "ஏலாது" என்ற சொல் "முடியவில்லை" ஆகிவிட்டது.

"பேசினவர்" வந்த இடத்தில் முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன், அந்த வசனம் கிடைத்தது. அதை மட்டும் அவர் வாயில் வந்தபடியே விட்டேன். அதை "தாங்கள் வேறிடம் நாடலாம்" என்று திருத்தினால் கோபம் போய்விடும், அத்தோடு அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்த மாதிரியும் ஆகும். மேற்கோளுக்குள் இருக்கிற பேச்சுத் தமிழ் வெளியாளுக்கு முழுக்க விளங்காவிட்டாலும், பக்கத்தில் "கோபமாகச் சொன்னார்" என்று இருப்பதால் விஷயம் போய்ச் சேரும்.

"திறம்" என்பதை வேண்டுமென்றே வைத்தேன். அது எந்தக் கரையிலும் கெட்ட அர்த்தம் தராது, எழுதியவர் ஊர்க்காரர் என்பதும் தெரியும். ஒரு ரிவியூவுக்கு அப்படி ஒரு சொல் காணும். நான்கு போட்டால் பகிடியாகிவிடும்.

எத்தனை பேர், எத்தனை இரவு என்பதும் சாப்பாட்டின் பெயரும் அவருடைய வரைவில் இல்லை, கேட்டுச் சேர்த்தேன். இது தமிழ்ப் பிரச்சினை இல்லை, ஆனால் கேட்காமல் விட மனம் வரவில்லை.

முழுப் பேச்சுத் தமிழில எழுதக்கூடிய இடம் ஒண்டுமே இல்லையோ?

இருக்கிறது. வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே வட்டாரம் என்று உறுதியாகத் தெரிந்தால் எழுதலாம். மல்லாவியில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவரைப் பற்றி எழுதினால் கனடாக்காரர் வாசிக்கப் போவதில்லை. "ஆள் வேலை சுத்தம், ஆனா சொன்ன நாளுக்குத் தரமாட்டார்" என்றால் போதும். அங்கே எழுத்துத் தமிழ் போட்டால் நீங்கள் யாரோ அதிகாரி என்று நினைப்பார்கள்.

ஆனால் அதிலும் காசு, நாள், வாக்குறுதி வருகிற வரியை எழுத்துத் தமிழில் வையுங்கள். நாளைக்கு அதே விஷயத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடாக எழுத வேண்டி வந்தால், அந்த வரிகள் அப்படியே உதவும்.

தட்டச்சுச் செய்யக் கஷ்டம். ஆங்கில எழுத்தில தமிழை எழுதினா?

வேண்டாம். எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும், தேடலிலும் அகப்படாது. போன் விசைப்பலகையில் மைக்கை அழுத்திச் சொன்னால் அதுவே தமிழில் எழுதும். மொழித் தெரிவில் தமிழுக்கு இலங்கை, இந்தியா என்று தனித்தனியாக இருக்கும், இலங்கையை எடுங்கள். வீட்டில் கதைக்கிற மாதிரிச் சொன்னால் சொற்கள் குழம்பும். வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரிச் சொல்லுங்கள், எழுத்து வினைமுற்று தன்பாட்டில் வரும்.

கொம்பியூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பதை அப்படியே ஒட்டாதீர்கள். இணையத்தில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

ஏற்கனவே போட்ட ரிவியூக்களை மாத்தலாமோ?

மாற்றலாம். மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, நீங்கள் எழுதிய ரிவியூக்களுக்குப் போனால் ஒவ்வொன்றிலும் திருத்துகிற வசதி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த வேண்டியதில்லை. விடுதிகளுக்கு எழுதியதை மட்டும் எடுத்து, எங்கேயாவது "அந்தமாதிரி" இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.